சந்தாவா, வரிப்பணமா? முதியோர் ஓய்வூதியத்தின் தொடக்ககாலத்து இரண்டு வழிகள்

வயதான ஒருவருக்கு மாதந்தோறும் பணம் கொடுப்பது என்று ஓர் அரசு முடிவெடுத்தால், எவ்வளவு கொடுப்பது என்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பணம் யாருடைய கையிலிருந்து வரப்போகிறது? நம் ஊரில் ஆலைத் தொழிலாளியின் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் என்று ஒரு வரி இருக்கும். அதே தெருவில் வேறொரு வீட்டுப் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வரும். அதற்காக அந்தப் பாட்டி யாரிடமும் சந்தா கட்டியதில்லை. இரண்டையும் சமூகப் பாதுகாப்பு என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம் என்றாலும், அவை வெவ்வேறு மரங்களின் கிளைகள். சந்தா வழி 1889இல் ஜெர்மனியில் முதியோருக்கான சட்டமாயிற்று. வரிப்பண வழி 1891இல் டென்மார்க்கிலும், 1898இல் நியூசிலாந்திலும், 1908இல் பிரிட்டனிலும் சட்டமாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் நலன்புரி அரசு என்று பெயர் பெற்ற ஏற்பாடுகளுள் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தன அல்லது இரண்டையும் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்தன. பிரிட்டன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்த நாடாகையால், இரண்டின் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே இடத்தில் எடைபோட அதன் கதை வசதியானது.

முதலில் ஜெர்மனி. 1878இல் சோஷலிஸ்டுகளுக்கு எதிராகத் தடைச்சட்டம் கொண்டுவந்த தலைமை அமைச்சர் பிஸ்மார்க், தடை மட்டும் போதாது, தொழிலாளி அரசிடமிருந்து நேரடியாக ஏதாவது பெற்றால்தான் அதன்மீது அவனுக்குப் பிடிப்பு உண்டாகும் என்று கணக்குப் போட்டார். 1883இல் நோய்க் காப்பீடு, 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் முதுமை மற்றும் ஊனக் காப்பீடு என்று மூன்று சட்டங்கள் வரிசையாக வந்தன. சந்தா அடிப்படையிலான ஏற்பாட்டை இன்றும் பிஸ்மார்க் முறை என்றே பாடநூல்கள் அழைக்கின்றன. ஆனால் பிஸ்மார்க் விரும்பியது அதுவல்ல. தொழிலாளியின் பங்கு இல்லாமல், அல்லது மிகக் குறைவாக வைத்து, பேரரசின் கருவூலமே பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டும் என்பதும், அதற்குப் புகையிலை வியாபாரத்தை அரசின் தனியுரிமையாக்கிப் பணம் திரட்டலாம் என்பதும்தான் அவருடைய எண்ணம். கொடுப்பது அரசுதான் என்று தெரிந்தால்தானே நன்றியும் அரசை நோக்கி வரும்? நாடாளுமன்றம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. முதுமைக் காப்பீட்டுச் சட்டம் 185க்கு 165 என்ற நெருக்கமான வாக்கில் நிறைவேறியபோது, அவர் கேட்டதில் எஞ்சியது ஒவ்வோர் ஓய்வூதியத்துக்கும் ஆண்டுக்கு 50 மார்க் என்ற அரசு மானியம் மட்டுமே.

சட்டம் இயங்கிய விதம் எளிமையானது. ஊதியத்தைப் பொறுத்துத் தொழிலாளர்கள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டார்கள். நூறு பெனிக் ஒரு மார்க். வாரச் சந்தா கீழ் வகுப்புக்கு 14 பெனிக், மேல் வகுப்புக்கு 30 பெனிக். அதில் பாதியை முதலாளி கொடுத்தார். கட்டிய சந்தாவுக்கு அடையாளமாக, ஆளுக்கு ஓர் அட்டையில் வாரத்துக்கு ஒரு முத்திரைத்தலை ஒட்டப்பட்டது. இதனாலேயே அந்தச் சட்டத்துக்கு ‘ஒட்டுச் சட்டம்’ என்று ஜனங்கள் கேலிப்பெயர் வைத்தார்கள். 30 சந்தா ஆண்டுகள் நிறைந்து 70 வயதும் ஆனவருக்கு முதுமை ஓய்வூதியம். அதைக் கணக்கிடும் விதமும் ஒளிவுமறைவில்லாதது. அரசின் 50 மார்க்கோடு, ஒட்டிய ஒவ்வொரு முத்திரைக்கும் வகுப்புக்கு ஏற்ப 4 முதல் 10 பெனிக் வரை சேரும். ஓர் ஆண்டுக்கு 47 வாரம் என்று வைத்து 30 ஆண்டுக்கு 1,410 வாரங்களைக் கணக்கிட்டால், கீழ் வகுப்புக்கு ஆண்டுக்கு 106 மார்க் 40 பெனிக்கும் மேல் வகுப்புக்கு 191 மார்க்கும் வரும். அதை நம்பி யாரும் வீட்டில் உட்கார்ந்துவிட முடியாது. மகன் வீட்டில் சாப்பிடும் கிழவர் தன் பங்காக எதையாவது கொடுக்கலாம் என்ற அளவுதான்.

இந்த முறையின் பெரிய கேள்வி, சட்டம் வரும்போதே வயதாகிவிட்டவர்களை என்ன செய்வது என்பது. முப்பது ஆண்டு காத்திருக்கச் சொல்ல முடியாது. ஆகவே சட்டம் நடைமுறைக்கு வந்த 1891இல் 40 வயதைத் தாண்டியிருந்தவர்களுக்குச் சலுகை கொடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் வேலை பார்த்ததற்குச் சான்று காட்டினால், ஒட்டாத முத்திரைகளை ஒட்டியதாக எடுத்துக்கொண்டார்கள். அதனால் 1891இலேயே ஓய்வூதியம் கிடைக்கத் தொடங்கியது. ஆனால் சலுகையும் வேலைச் சான்று உள்ளவருக்குத்தான். முன்பே வேலையை விட்டு ஒதுங்கிவிட்டவருக்கும், கூலி என்று ஒன்றைக் கையில் வாங்காமல் வீட்டிலும் வயலிலும் உழைத்துத் தேய்ந்த பெண்ணுக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. முத்திரை ஒட்டிய தொழிலாளி செத்தால் அவருடைய விதவைக்கும் ஓய்வூதியம் இல்லை. அந்தக் குறையை நிரப்பும் சட்டம் 1911இல்தான் வந்தது.

இனி லண்டன். பிரிட்டனில் இந்த விவாதம் ஜெர்மானியச் சட்டத்துக்கும் முந்தியது. 1878இலேயே பிளாக்லி என்ற பாதிரியார் கட்டாயச் சந்தாத் திட்டம் ஒன்றை எழுதினார். 1891இல் ஜோசப் சேம்பர்லேன் விருப்பச் சந்தாத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். ஏறக்குறைய அதே சமயத்தில், லண்டனின் வறுமையைத் தெருத் தெருவாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த சார்லஸ் பூத், சந்தாவே வேண்டாம், 65 வயதானவர் எவருக்கும் வாரம் 5 ஷில்லிங் வரிப்பணத்திலிருந்து கொடுத்துவிடலாம் என்றார். ஏறத்தாழ இருபது ஆண்டு குழுக்களும் அறிக்கைகளுமாகக் கழிந்து, 1908இல் நாடு பூத் காட்டிய பக்கம் சாய்ந்தது. ஜெர்மனியின் வழி கண்முன்னே இருந்தும் பிரிட்டன் ஏன் அதை எடுக்கவில்லை என்பதற்குக் கருணையைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அது போதிய விளக்கமாகத் தெரியவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் காரணங்கள் நடைமுறை சார்ந்தவையே.

ஒன்று, போட்டி. பிரிட்டிஷ் தொழிலாளரில் பல லட்சம் பேர் பரஸ்பர உதவிச் சங்கங்களில் ஏற்கெனவே வாரச் சந்தா கட்டிக்கொண்டிருந்தார்கள். நோயில் படுத்தால் பணம், செத்தால் அடக்கச் செலவு. அரசும் சந்தா வசூலிக்கப் புறப்பட்டால் அந்த ஒரே சட்டைப்பையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்று சங்கங்கள் கட்டாயச் சந்தாவை எதிர்த்தன. ஆனால் நாள் செல்லச் செல்லச் சங்கங்களுக்கே இன்னொரு நெருக்கடி வந்தது. உறுப்பினர்கள் முன்பைவிட நீண்ட காலம் வாழ்ந்தார்கள். எழுபது வயதுக்காரர் ‘உடம்பு சரியில்லை’ என்று நோய்ப்பணம் வாங்க ஆரம்பித்தால் அது நிற்பதே இல்லை. நோய்ப்பணம் பெயர் மாற்றாமலே முதுமைப்பணம் ஆகிவிட்டது. சங்கத்தின் இருப்பு கரைந்தது. முதியோரை யாராவது தங்கள் கணக்கிலிருந்து எடுத்துச் சென்றால் போதும் என்ற நிலைக்கு அவை வந்தபோது, சந்தா கேட்காத அரசு ஓய்வூதியம் அவற்றுக்கு எதிரியாகத் தெரியவில்லை.

மற்றொன்று, ஏழை முதியோரில் பெண்களே அதிகம் என்பது. ஒழுங்கான கூலிவேலை வரலாறு இல்லாத அவர்களைச் சந்தா வழியால் எட்டவே முடியாது. பசியோடு இருப்பவரை விட்டுவிட்டு, முப்பது ஆண்டு கழித்து முதுமை எய்தப்போகிறவருக்காக இன்று முத்திரை ஒட்டச் சொல்லும் திட்டம் அடுத்த தேர்தலுக்கும் உதவாது.

1908 ஆகஸ்டில் சட்டமாகி, 1909 ஜனவரி 1ஆம் தேதி முதல் அந்த ஓய்வூதியம் வழங்கப்பட்டது. வயது 70, தொகை வாரம் 5 ஷில்லிங், வாங்கும் இடம் அஞ்சலகம். அஞ்சலகம் என்பது சாதாரண ஏற்பாடு போலத் தோன்றும். ஆனால் அதுவரை ஏழைக்கு அரசு உதவி என்றால் 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டமும், அதன் உச்சத்தில் ஒர்க்ஹவுஸ் என்ற காப்பகமும்தான். அங்கே கணவனும் மனைவியும் தனித்தனிப் பகுதிகளில் இருக்க வேண்டும். ஏழையர் சட்ட உதவி பெற்றவர் வாக்குரிமையையும் இழந்தார். புதிய ஓய்வூதியத்துக்கு அந்தக் கறை ஒட்டக் கூடாது என்பதற்காகவே, அது ஏழையர் சட்ட அலுவலகத்தின் பக்கமே போகாமல், கூப்பன் புத்தகத்தோடு தபால் தலை விற்கும் ஜன்னலில் கொடுக்கப்பட்டது. வாங்குபவரின் வாக்குரிமைக்கும் பங்கம் இல்லை என்று சட்டத்திலேயே எழுதினார்கள். மார்ச் மாத முடிவுக்குள் 6 லட்சத்துக்கும் அதிகமானோர் வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

வரிப்பண வழியின் வசதி இதுதான். சட்டம் வந்த ஐந்தாம் மாதம் பணம் கையில். அதற்கு விலை என்ன என்று பார்க்க வேண்டும்.

முதல் விலை, வருமானச் சோதனை. எல்லோருக்கும் கொடுக்கக் கருவூலத்தால் முடியாது என்பதால் ஏழைகளுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினார்கள். ஆண்டு வருமானம் 21 பவுண்டுக்குள் இருந்தால் முழு 5 ஷில்லிங். அதற்கு மேல் ஒவ்வொரு 2 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்னிக்கும் ஓய்வூதியத்தில் வாரம் 1 ஷில்லிங் குறையும். 31 பவுண்டு 10 ஷில்லிங்கைத் தாண்டினால் ஒன்றும் இல்லை. இந்தப் படிக்கட்டை வாரக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால்தான் அதன் சுபாவம் தெரியும். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆண்டுக்கு 21 பவுண்டு என்பது வாரம் ஏறக்குறைய 8 ஷில்லிங். ஓய்வூதியம் 5 சேர்ந்தால் 13. இன்னொரு கிழவர் வாழ்நாளெல்லாம் சங்கத்தில் சேமித்து வாரம் 9 ஷில்லிங்குக்கு ஏற்பாடு செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். 2 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்னி என்பது வாரத்துக்கு ஒரு ஷில்லிங்தான். ஆகவே அவருக்கு ஓய்வூதியம் 4. மொத்தம் அதே 13. வாரம் 12 ஷில்லிங் உள்ளவருக்கு ஓய்வூதியம் 1. மொத்தம் மறுபடியும் 13. சேமித்த ஒவ்வொரு ஷில்லிங்கையும் சட்டம் மறுகையால் எடுத்துக்கொள்கிறது. ‘எதற்காகச் சேமித்தேன்?’ என்று அந்த மூவரில் மூன்றாமவர் கேட்டால் பதில் சொல்வது கடினம். சந்தா வழியை ஆதரித்தவர்களின் வலுவான வாதமே இதுதான்.

இரண்டாவது விலை, தகுதி விசாரணை. யார் நல்ல ஏழை என்று பார்க்கும் பழைய பழக்கம் புதிய சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. சிறை சென்றவர், தன் சக்திக்கு ஏற்ப வேலை செய்யாமல் வழக்கமாகத் திரிந்தவர், ஏழையர் சட்ட உதவி பெற்றுக்கொண்டிருந்தவர் ஆகியோர் விலக்கப்பட்டார்கள். கடைசி விலக்கு 1910 முடிவோடு நீக்கப்பட்டது. நியூசிலாந்தின் 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் நன்னடத்தை நிபந்தனையோடு இனத் தடையும் இருந்தது. அங்கே வாழ்ந்த சீனர் எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் ஓய்வூதியம் கேட்க முடியாது. பணம் பொதுக் கருவூலத்திலிருந்து போகும்போது ‘அவருக்கு ஏன்?’ என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் வந்துவிடுகிறது. முத்திரை அட்டையில் நடத்தைக்கு ஒரு கட்டம் இல்லை.

மூன்றாவது, வயதை நிரூபிப்பது. இது கொள்கைப் பிரச்சினை அல்ல, ஆனால் அயர்லாந்தில் நடந்ததைச் சொல்லாமல் போக மனமில்லை. அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் பதியும் வழக்கம் 1864இல்தான் தொடங்கியது. 1909இல் 70 வயது என்றால் பிறந்த ஆண்டு 1839 அல்லது அதற்கு முன்பு. சான்றிதழுக்கு வழியே இல்லை. 1839 ஜனவரி 6ஆம் தேதி இரவு அந்தத் தீவை ஒரு கொடும் புயல் தாக்கியிருந்தது. ‘பெருங்காற்று இரவு’ என்று அதை ஊரே நினைவு வைத்திருந்தது. அதிகாரி வயதைக் கேட்டால், ‘பெருங்காற்றடித்த ராத்திரி எனக்கு நினைவிருக்கிறது, உள்ளங்கையில் வைத்து உருளைக்கிழங்கு சாப்பிட்ட வயது’ என்கிற மாதிரியான பதில்கள் வந்தன. அந்த இரவை நினைவு வைத்திருப்பவர் 70ஐத் தாண்டியவராகத்தானே இருக்க வேண்டும்! 1841ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகளைப் புரட்டிப் பெயர் தேடும் வேலையும் நடந்தது. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான முதியவர்கள் அயர்லாந்தில் முளைத்தார்கள். ஜெர்மானிய முறையில் இந்தச் சிக்கல் குறைவு. முத்திரை அட்டை ஆண்டுக்கணக்கில் சேர்ந்த சாட்சியம். யாருடைய நினைவையும் நம்ப வேண்டியதில்லை. பதிவேடுகள் பலவீனமான நாட்டில் வரிப்பண வழியின் செலவு மதிப்பீடு எப்படித் தவறும் என்பதற்கு இது தெளிவான உதாரணம்.

நான்காவது விலைதான் அரசியலில் பெரியது. ஆண்டுக்கு ஏறக்குறைய 60 லட்சம் பவுண்டு ஆகும் என்று தொடங்கிய செலவு சில ஆண்டுகளில் இருமடங்கை நெருங்கியது. ஓய்வூதியத்துக்கும் போர்க்கப்பல்களுக்கும் சேர்த்துப் பணம் தேட வேண்டியிருந்த நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ், 1909 பட்ஜெட்டில் உயர்வருமானத்தின்மீதும் நிலமதிப்பின்மீதும் புதிய வரிகளைப் போட்டார். நிலவுடைமையாளர் நிறைந்த பிரபுக்கள் சபை நவம்பரில் அந்தப் பட்ஜெட்டை நிராகரித்தது. 1910இல் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்து, 1911இல் பிரபுக்கள் சபையின் தடையதிகாரத்தையே வெட்டும் சட்டம் வந்த பிறகுதான் அந்தச் சண்டை அடங்கியது. வாரம் 5 ஷில்லிங்குக்காக ஒரு நாட்டின் அரசியலமைப்பு அந்த அளவுக்குக் குலுங்கியது என்றால், இன்னும் பெரிய திட்டத்துக்கு வரிப்பணத்தையே நம்புவதில் எந்த நிதியமைச்சருக்கும் தயக்கம் வரும்.

லாயிட் ஜார்ஜுக்கு அந்தத் தயக்கம் முன்பே வந்துவிட்டது. 1908 ஆகஸ்டில், ஓய்வூதியச் சட்டத்தின் மை காயும் முன்பே, அவர் ஜெர்மனிக்குச் சென்று முத்திரை அட்டை முறையை நேரில் பார்த்துவந்தார். 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம் அந்தப் பயணத்தின் பலன். நோய்க் காப்பீட்டுக்கு ஆண் தொழிலாளி வாரம் 4 பென்னி, முதலாளி 3, அரசு 2. ‘நாலு பென்னிக்கு ஒன்பது பென்னி’ என்று அவர் அதை மேடைகளில் விற்றார். நோயில் படுத்தால் ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங், 26 வாரம் வரை. வேலையின்மைக் காப்பீடு கட்டுமானம், கப்பல் கட்டுதல், பொறியியல் முதலிய சில தொழில்களில் உள்ள 22 லட்சத்துச் சொச்சம் பேருக்கு மட்டும். வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு அதிகபட்சம் 15 வாரம், அதுவும் ஐந்து வாரச் சந்தாவுக்கு ஒரு வாரப் பணம் என்ற விகிதத்தில்.

இதை முரண்பாடு என்று நான் சொல்லமாட்டேன். முதுமை வேறு, நோயும் வேலையின்மையும் வேறு. நோயும் வேலையின்மையும் கூலியை இழக்கச் செய்யும் துன்பங்கள். கூலி இருப்பவருக்குத்தான் அந்த இழப்பு நேரும். ஆகவே கூலியிலிருந்து சந்தா எடுப்பது பொருந்துகிறது. சந்தா கட்டத் தொடங்கிய சில மாதங்களிலேயே பலன் கிடைத்துவிடுவதால் முப்பது ஆண்டு காத்திருக்கும் பிரச்சினையும் இல்லை. வருமானச் சோதனை இல்லை; சேமித்தவரைத் தண்டிப்பதும் இல்லை. ஒரே மனிதர் மூன்று ஆண்டு இடைவெளியில் முதுமைக்கு ஒரு வழியையும் நோய்க்கு மறு வழியையும் தேர்ந்தது, எந்தத் துன்பத்துக்கு எந்த வழி என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதையே காட்டுகிறது.

ஆனால் சந்தா வழிக்கு அதன் ஆதரவாளர்கள் சொல்லும் முக்கியமான சிறப்பு வேறொன்று: கட்டியவனுக்கு அது உரிமை, பறிக்க முடியாது. இந்த வாதம் எவ்வளவு தாங்கும் என்பதை இரண்டு நிகழ்ச்சிகளை வைத்துச் சோதிக்கலாம்.

முதலாவது பிரிட்டனிலேயே நடந்தது. 1920இல் வேலையின்மைக் காப்பீடு பெரும்பாலான உடலுழைப்புத் தொழிலாளருக்கும் விரிக்கப்பட்டது. விரித்த மறுவருடமே வேலையில்லாதோர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டி, அடுத்த இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அதற்குக் கீழே இறங்கவில்லை. 15 வாரம் என்ற கணக்கு சில மாதம் வேலை போய்த் திரும்பக் கிடைக்கும் உலகத்துக்கானது. ஆண்டுக்கணக்கில் வேலை இல்லாதவரின் சந்தாப் பலன் தீர்ந்துவிட்டபோது, அவரை ஏழையர் சட்டத்திடம் அனுப்பவும் அரசு அஞ்சியது. ஆகவே சந்தாவுக்குக் கணக்கில்லாத பணத்தை வெவ்வேறு பெயர்களில் கொடுத்துக்கொண்டே போனது. காப்பீட்டு நிதி கடனில் மூழ்கியது. 1931 ஆகஸ்டில் வேலையின்மைப் பணத்தை வெட்டுவதா என்ற கேள்வியிலேயே தொழிற்கட்சி அமைச்சரவை உடைந்தது. அடுத்து வந்த அரசு, ஒழுங்காகச் சந்தா கட்டியவருக்கும் சேர்த்து, 10 சதவீதம் வெட்டியது. பலன் காலம் தீர்ந்தவர்களுக்கு வீட்டிலுள்ள அனைவரின் வருமானத்தையும் கணக்கில் எடுக்கும் சோதனை வந்தது. மகளுக்கு ஆலையில் வேலை இருந்தால் தகப்பனின் பணம் குறையும். முத்திரை ஒட்டிய அட்டை கையிலிருந்தும் அந்தக் கதவு வழியாகப் பழைய விசாரணை வீட்டுக்குள் வந்துவிட்டது.

இரண்டாவது அமெரிக்காவில். 1935இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் முதியோர் காப்பீடு, தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்கு ஊதியத்தில் 1 சதவீதம் என்ற சந்தாவில் தொடங்கியது. சந்தாவை அவர் வலியுறுத்தியதன் காரணம் கணக்கு அல்ல, அரசியல். கட்டிய மக்கள் அதை எந்த அரசியல்வாதியையும் தொடவிடமாட்டார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. வயல்வேலை, வீட்டுவேலை பார்த்தவர்களைத் தொடக்கத்தில் அந்தச் சட்டம் வெளியே நிறுத்தியது. தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். சந்தாப் புத்தகத்தில் பெயர் ஏறாதவரைச் சந்தா வழி எப்படி மறந்துவிடும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. உரிமை என்ற பேச்சோ 1960இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பல்கேரியாவிலிருந்து 1913இல் குடியேறி, 19 ஆண்டு சந்தா செலுத்தி, 1955இல் ஓய்வூதியம் பெறத் தொடங்கிய எஃப்ரம் நெஸ்டர் என்பவர், 1930களில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்தார் என்ற காரணத்துக்காக 1956இல் நாடு கடத்தப்பட்டார். ஓய்வூதியமும் நிறுத்தப்பட்டது. சந்தா கட்டியதனால் ஓய்வூதியம் ஒருவரின் சொத்தாகிவிடாது, நாடாளுமன்றம் அதை மாற்றலாம் என்று 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

ஆக, சந்தா சட்டத்தின் பார்வையில் ஒரு சொத்தைக் கொடுக்கவில்லை. அரசியலில் ஒரு கேடயத்தைக் கொடுக்கிறது. பல கோடிப் பேர் ஒன்றாகப் பிடித்திருக்கும்போது அது உறுதியானது; நெஸ்டரைப் போல ஒருவர் தனியாக நிற்கும்போது அது மெல்லியது.

இரண்டின் நன்மையையும் ஒருசேரப் பெற ஒரு வழி கண்டவர் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் பெவரிட்ஜ். 1942 டிசம்பரில், போர் நடுவே வெளியான அவருடைய அறிக்கை, எல்லோரும் ஒரே அளவு சந்தா கட்டி, எல்லோரும் ஒரே அளவு பலன் பெற வேண்டும் என்றது. வருமானச் சோதனை இல்லை, சமத்துவம் உண்டு, கட்டியதால் வரும் கௌரவமும் உண்டு. 1946இல் சட்டமாகி 1948 ஜூலை 5 முதல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரே அளவுச் சந்தா என்றால், மிகக் குறைந்த கூலிக்காரர் கட்டக்கூடிய அளவுக்கு மேல் அதை ஏற்ற முடியாது. சந்தா ஏறாவிட்டால் பலனும் ஏறாது. முழு ஓய்வூதியத்தை 20 ஆண்டுகளில் படிப்படியாக எட்டலாம் என்று பெவரிட்ஜ் சொன்னதைத் தொழிற்கட்சி அரசு ஏற்காமல், தனியொருவருக்கு வாரம் 26 ஷில்லிங் என்று உடனே கொடுத்தது. முதியோர் காத்திருக்க முடியாது என்ற 1908இன் நியாயமே அங்கும் வென்றது. ஆனால் வீட்டு வாடகையும் சேர்ந்தால் அந்தத் தொகை பலருக்குப் போதவில்லை. அவர்கள் மறுபடியும் வருமானச் சோதனையுள்ள தேசிய உதவிக்கு வரிசையில் நின்றார்கள். சோதனையை ஒழிக்க வந்த திட்டத்தின் வாசலிலேயே சோதனை நின்றது.

எதைத் தேர்வது என்ற கேள்விக்கு இந்த நிகழ்ச்சிகளை வைத்து நான் எடுக்கும் முடிவு, தொகையையோ தத்துவத்தையோ பார்ப்பதற்கு முன் உழைப்பாளர்களில் எத்தனை பேருக்குப் பதிவேட்டில் ஏறும் கூலி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது. பெரும்பாலோர் ஆலையிலும் அலுவலகத்திலும் சம்பளம் வாங்கும் நாட்டில் சந்தா வழி தன் வேலையைச் செய்யும். பெரும்பாலோர் வயலிலும் வீட்டிலும் தெருவிலும் உழைக்கும் நாட்டில் அது தொடங்கும் இடத்திலேயே பாதிப் பேரை விட்டுவிடும். முதுமைக்கு மட்டுமாவது வரிப்பணத்தில் ஒரு அடித்தளம் போட்டு, அதில் வருமானச் சோதனையை வைக்காமல், அதன்மேல் கூலிக்கு ஏற்ற சந்தா ஓய்வூதியத்தைக் கட்டுவதே நான் தேர்வது. சோதனை இல்லாவிட்டால் செலவு கூடும் என்பது மெய். ஆனால் 13 ஷில்லிங் கணக்கைப் பார்த்த பிறகு, சோதனையால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி வாயைக் கட்டிச் சேமித்தவர்களிடமிருந்து எடுத்தது என்பதை மறக்க முடிவதில்லை.

இந்த வரிசையில் கட்டிய நாடு ஒன்று உண்டு. சுவீடன் 1948இல் அடித்தள ஓய்வூதியத்தை வருமானச் சோதனையின்றி எல்லா முதியோருக்கும் ஒரே அளவாக்கியது. அதன்மேல் கூலிக்கு ஏற்ற இரண்டாம் மாடியைக் கட்டாயமாக்குவதா, விருப்பத்துக்கு விடுவதா என்பதில் நாடு பிளந்து நின்றது. 1957இல் மூன்று யோசனைகளை வைத்துப் பொதுவாக்கெடுப்பு நடத்தியும் எதற்கும் பாதி வாக்கு கிடைக்கவில்லை. ஓர் அமைச்சரவை கவிழ்ந்தது. இடையில் ஒரு தேர்தலும் நடந்தது. 1959 மே மாதம் கீழ்ச் சபையில் கட்டாயத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது இரு தரப்பும் சமபலத்தில் இருந்தன. லிபரல் கட்சியின் துரே கோனிக்சன், தொழிலாளியாக வேலை பார்த்தவர், கட்சியின் நிலைப்பாட்டுக்கு மாறாக வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார். திட்டம் 115க்கு 114 என்று நிறைவேறியது.